ஆட்டத்துக்கு வெளியே நிற்கும் குழந்தை

திங்கட்கிழமைக் காலைகளில் வயிற்றுவலி என்று எங்கள் குழந்தைகள் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வரப்படும் பிள்ளைகளுள் சிலருக்கு வயிற்றில் நோய் எதுவும் இருப்பதில்லை. சிறுநீர், மலம், இரத்தப் பரிசோதனைகள் சரியாகவே இருக்கும். ஸ்கேனிலும் குறை தெரியாது. விடுமுறை நாட்களில் வலி வருவதில்லை என்பதைத் தாயே சொல்வார். அத்தகைய நேரத்தில் குழந்தையிடம் நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “வெள்ளிக்கிழமை மதியம் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய்?” சில பிள்ளைகள் உடனே ஒரு பெயரைச் சொல்வார்கள். சிலர் தாயின் முகத்தைப் பார்ப்பார்கள்; பிறகு தரையைப் பார்ப்பார்கள்.

அந்த வலி நடிப்பு அன்று. அச்சமும் துயரமும் குடலை முறுக்கும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. ஆனால் அதற்கான மருந்து எங்கள் மருந்தகத்தில் இல்லை. ஒத்த வயதினர் எவரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு குழந்தையின் துன்பத்துக்குப் பெரியவர்கள் வழக்கமாகத் தரும் மருந்து இரண்டு. ஒன்று, “போய் அவர்களோடு சேர்ந்து விளையாடு” என்னும் கட்டளை. மற்றொன்று, “வளர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்னும் ஆறுதல். இரண்டும் பயனற்றவை என்பதே எங்கள் கருத்து. நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆட்டத்துக்குள் நுழைவது நீச்சலைப் போன்ற ஒரு திறன். அதற்கு வரிசைமுறை உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் அதைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். கற்றுக்கொள்ளாத பிள்ளைக்கு அதைப் படிப்படியாகக் கற்றுத்தர வேண்டும். கற்றுத்தரவும் முடியும்.

இதை ஒரு சிறுவனின் கதையைக் கொண்டு விளக்க விரும்புகிறோம். அவன் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

தெருவில் நடந்தது என்ன?

சிறுவனுக்கு வயது 9, நான்காம் வகுப்பு. தந்தை கன்டெய்னர் கிடங்கு ஒன்றில் ஷிப்டு வேலை செய்கிறார். தாய் விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து வந்து, கூடையில் வைத்துத் தெருக்களில் விற்கிறார். கல்வியாண்டின் நடுவில் குடும்பம் காசிமேட்டிலிருந்து திருவொற்றியூருக்கு வீடு மாறியது. பழைய தெருவில் அவன் தவழ்ந்த நாள் முதல் அறிந்த பிள்ளைகள் இருந்தனர். அங்கே அவன் எவரிடமும் ‘சேர்த்துக்கொள்’ என்று கேட்க வேண்டியிருந்ததில்லை. புதிய தெருவில்தான் முதன்முறையாகக் கேட்க வேண்டி வந்தது. அவனுக்குக் கேட்கத் தெரியவில்லை.

மகன் தனியாக நிற்பதைக் கண்டு மனம் பொறுக்காத தாய், ஒரு புதிய கிரிக்கெட் மட்டையை வாங்கித் தந்தார். இரண்டு நாள் தெருப்பிள்ளைகள் அவனைச் சேர்த்துக்கொண்டனர். மூன்றாம் நாள் மட்டையை மட்டும் சேர்த்துக்கொண்டனர். தந்தை இறங்கிப் போய்ப் பிள்ளைகளை அதட்டினார். அன்று மாலை அவனுக்கு ஆட்டத்தில் இடம் கிடைத்தது. மறுநாள் முதல் அவனைக் கண்டதும் ஆட்டமே வேறு தெருவுக்கு நகர்ந்தது. பரிசு கொடுத்து வாங்கும் இடமும் அதட்டிப் பெறும் இடமும் நிலைப்பதில்லை. இவ்விரண்டையும் செய்யாத பெற்றோரை நாங்கள் அரிதாகவே கண்டிருக்கிறோம். எனவே இதைக் குறையாகச் சொல்லவில்லை.

நாங்கள் தாயிடம் முதலில் கேட்டுக்கொண்டது அறிவுரை கூறாமல் இருக்க வேண்டும் என்பதே. மூன்று மாலைகள், ஒவ்வொரு மாலையும் கால் மணி நேரம், மொட்டைமாடியிலிருந்து மகனைப் பார்க்க வேண்டும், குறுக்கிடக் கூடாது, ஆட்டத்தை நெருங்கிய முதல் இரண்டு நிமிடங்களில் அவன் என்ன செய்கிறான் என்பதை மட்டும் நினைவில் வைத்து வந்து சொல்ல வேண்டும். அந்த முதல் இரண்டு நிமிடங்களில்தான் பெரும்பாலும் முடிவு எழுதப்படுகிறது.

தாய் கண்டது இது. முதல் மாலை, பந்து வீசப்பட்டுக்கொண்டிருந்தபோதே அவன் ஆடுகளத்தின் நடுவே ஓடினான். “நானும் ஆட்டைக்கு வரேன், எனக்குத்தான் ஃபர்ஸ்ட் பேட்டிங்” என்றான். இரண்டாம் மாலை, ஒருவன் அவுட்டா இல்லையா என்று வாக்குவாதம் நடந்தபோது, “எங்க காசிமேட்டுல இப்படி ஆட மாட்டாங்க” என்று புதிய விதியைச் சொன்னான். மூன்றாம் மாலை, “போடா” என்று ஒருவன் சொன்னதும், விக்கெட்டாக அடுக்கியிருந்த செங்கற்களை உதைத்துத் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

அவன் கெட்ட பிள்ளை அல்லன். மூன்று நாளும் அவன் விரும்பியது ஒன்றுதான்: தன்னை அவர்கள் கவனிக்க வேண்டும். அங்கேதான் பிழை. 1981இல் அமெரிக்காவில் மார்த்தா புட்டலாஸ், ஜான் காட்மன் என்னும் இரு உளவியலாளர்கள், இரண்டாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நடந்துகொண்டிருக்கும் விளையாட்டுக்குள் எப்படி நுழைகிறார்கள் என்பதை நுணுக்கமாகப் பதிவு செய்தனர். வகுப்பில் விரும்பப்படாத பிள்ளைகள் தங்களைப் பற்றிப் பேசினர். மாற்றுக் கருத்துச் சொன்னனர். கேள்விகளால் ஆட்டத்தை நிறுத்தினர். அதாவது, குழுவின் கவனத்தை ஆட்டத்திலிருந்து தங்கள் பக்கம் திருப்பினர். விரும்பப்பட்ட பிள்ளைகளோ குழு எதைச் செய்துகொண்டிருந்ததோ அதற்குள் தங்களைப் பொருத்திக்கொண்டனர்.

அதே ஆய்வில் பெற்றோர் அறிய வேண்டிய வேறொன்றும் உண்டு. எல்லாராலும் விரும்பப்பட்ட பிள்ளைகளின் முயற்சிகளும் ஏறத்தாழ நான்கில் ஒன்று ஏற்கப்படாமல் போயின. மறுக்கப்படுவது ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு மட்டும் நேர்வதன்று. அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருப்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

கரைவலையின் கயிறு

இதைச் சிறுவனுக்கு விளக்க எங்களுக்குக் கைகொடுத்தது அவனுடைய குலத்தொழில்தான். கரைவலை இழுப்பதை அவன் தன் தாத்தாவோடு பார்த்திருக்கிறான். அங்கே புதிதாக வருபவர் என்ன செய்கிறார்? இழுப்பவர்களை நிறுத்தி, “நானும் வரட்டுமா?” என்று கேட்பதில்லை. முன்வரிசைக்குப் போய் வழிகாட்டுவதுமில்லை. சற்று நின்று பார்க்கிறார். அவர்களுடைய இழுப்பின் தாளத்தைக் கண்டுகொள்கிறார். கயிற்றின் கடைக்கோடியைப் பிடிக்கிறார். அதே தாளத்தில் இழுக்கிறார். சிறிது நேரத்தில் அவரும் ஆள் கணக்கில் வந்துவிடுகிறார். “தெருவில் நடக்கும் கிரிக்கெட்டும் ஒரு வலைதான், கயிற்றின் கடைசி எங்கே இருக்கிறது என்று பார்” என்றோம். அவன் சற்று யோசித்து, “பந்து சாக்கடைப் பக்கம் போற எடம்” என்றான். எங்களுள் எவரும் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

அதன் பிறகு படிகளை ஒவ்வொன்றாக வகுத்தோம்.

முதற்படி, எந்த ஆட்டத்தில் நுழைவது என்று தேர்ந்தெடுப்பது. தன்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர்களின் ஆட்டம் வேண்டாம். இருவர் மட்டும் நெருங்கி ஆடும் ஆட்டத்தில் மூன்றாமவருக்கு இடம் குறைவு. செங்கற்களை ஏற்கெனவே உதைத்துவிட்ட குழுவைச் சிலநாள் விட்டுவிடலாம். சமவயதினர் நால்வர் ஐவர் ஆடும், ஆள் குறைவாக உள்ள ஆட்டமே சிறந்தது. அவனுடைய தெருவுக்கு அடுத்த சந்தில் அப்படி ஒன்று இருந்தது.

இரண்டாம் படி, பார்ப்பது. ஓர் ஓவர், அதாவது ஆறு பந்துகள் முடியும் வரை பேசாமல் பார்க்க வேண்டும். வெறுமனே நின்றால் போதாது. மூன்று செய்திகளைக் கண்டுபிடிக்க வேண்டும். என்ன விதியில் ஆடுகிறார்கள்? எந்தப் பக்கம் ஆள் குறைவு? ஆட்டத்தை நடத்துபவன் யார்? மட்டைக்குச் சொந்தக்காரனே நடத்துபவன் என்று எண்ணிவிடக் கூடாது. யார் சொன்னால் மற்றவர்கள் கேட்கிறார்களோ அவனே நடத்துபவன்.

மூன்றாம் படி, கயிற்றின் கடைசியைப் பிடிப்பது. பந்து வந்து விழும் பக்கத்தில் நிற்க வேண்டும். வந்தால் எடுத்து, பந்துவீசுபவனிடம் எறிய வேண்டும். அதைத் தன் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசக் கூடாது. நல்ல அடி என்றால் “செம ஷாட்டு” என்று ஒரு சொல் சொல்லலாம். தவறான அடியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

நான்காம் படி, இடைவெளிக்குக் காத்திருந்து கேட்பது. ஓவர் முடியும்போதோ ஒருவன் அவுட்டாகி மட்டை கைமாறும்போதோ, நடத்துபவனிடம், குழுவுக்குப் பயன்படும் சிறிய வேலையைக் கேட்க வேண்டும். “பேட்டிங் தருவியா?” என்பது தனக்காகக் கேட்பது. “அந்தப் பக்கம் ஃபீல்டிங் நிக்கட்டா?” என்பது அவர்களுக்காகக் கேட்பது. முன்னதற்கு ‘இல்லை’ என்று சொல்வது எளிது. பின்னதை மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி, மறுத்தால் விலகுவது. “சரி” என்று ஒரே சொல். அழுகை, வசை, ஏன் என்ற கேள்வி, அம்மாவிடம் சொல்வேன் என்ற மிரட்டல் எதுவும் இல்லாமல் நடந்து வந்துவிட வேண்டும். இன்று அமைதியாகப் போனவனை நாளை சேர்த்துக்கொள்வார்கள். செங்கல்லை உதைத்தவனை ஒரு மாதம் சேர்க்க மாட்டார்கள்.

நம் தெரு விளையாட்டுகளில் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று ஓர் ஏற்பாடு இருந்தது. சிறு பிள்ளையோ புதியவனோ ஆடலாம். ஆனால் அவன் அவுட்டானாலும் கணக்கில்லை. அச்சொல் இன்று நமக்கு உவப்பானதன்று. ஆயினும் அந்த ஏற்பாட்டில் ஓர் அறிவு இருந்தது. முழு உரிமை கிடைப்பதற்கு முன், உள்ளே நின்று கற்றுக்கொள்ள அது ஓரிடம் தந்தது. ஃபீல்டிங் மட்டும் கேட்கும் பிள்ளை அந்த இடத்தைத்தான் கேட்கிறான்.

ஒத்திகை வீட்டில் நடக்க வேண்டும்

இந்தப் படிகளைச் சொல்லி அனுப்பினால் மட்டும் எதுவும் மாறாது. மறுக்கப்பட்ட நொடியில் முகம் சூடேறும், படித்தது மறந்துபோகும். எனவே கால் பழகும் வரை ஒத்திகை வேண்டும். எட்டாம் வகுப்பில் படிக்கும் அக்காவை ஆட்டத்தை நடத்துபவனாக வைத்து, வீட்டு வாசலில் பிளாஸ்டிக் பந்தோடு நாளுக்குப் பத்து நிமிடம் நடிக்கச் சொன்னோம். அக்கா மூன்று விதமாகப் பதில் சொல்ல வேண்டும். முதலில் ‘வா’ என்பாள். பிறகு காது கேளாதவள்போல் இருப்பாள். பிறகு ‘போடா’ என்பாள். நேரத்தில் பாதியை ‘போடா’வுக்கே ஒதுக்கச் சொன்னோம். முதல் நாள் அவன் அக்காவிடமும் பந்தை வீசி எறிந்தான். நான்காம் நாள், “சரிக்கா” என்று சொல்லிவிட்டுச் சிரித்தான்.

ஆட்டத்திலிருந்து திரும்பியதும் பெற்றோர் கேட்கும் கேள்வியும் பயிற்சியின் பகுதியே. “சேர்த்துக்கொண்டார்களா?” என்று கேட்டால் குழந்தையின் கையில் இல்லாத ஒன்றுக்கு அவனைப் பொறுப்பாக்குகிறோம். “எத்தனை பந்து பார்த்தாய்? எப்போது கேட்டாய்? மறுத்தபோது என்ன சொன்னாய்?” என்று கேட்டால், அவன் கையில் இருந்ததை மட்டும் கேட்கிறோம். மறுக்கப்பட்டும் “சரி” என்று சொல்லி வந்த மாலை வெற்றி பெற்ற மாலை. அன்று பாராட்ட வேண்டும்.

முன்பே கற்பித்து, பிறகு ஆடவிட்டு, முடிந்ததும் அவனோடு அமர்ந்து திரும்பிப் பார்க்கும் இம்முறை எங்கள் கண்டுபிடிப்பு அன்று. 1977இல் ஷெர்ரி ஓடன், ஸ்டீவன் ஆஷர் ஆகியோர் மூன்றாம் நான்காம் வகுப்பில் தனித்துவிடப்பட்ட பிள்ளைகளிடம் இதைச் சோதித்தனர். ஒரு பிரிவினருக்குப் பயிற்சி தந்தனர். மற்றொரு பிரிவினரை வகுப்புத் தோழரோடு சேர்த்து விளையாட மட்டும் விட்டனர். பயிற்சி பெற்றவர்களோடு விளையாட வகுப்பினர் அதிகம் விரும்பினர். ஓராண்டுக்குப் பின்னும் அந்த மாற்றம் தங்கியது. வெறுமனே சேர்த்துவிடப்பட்ட பிள்ளைகளிடம் அத்தகைய மாற்றம் இல்லை. விளையாட்டு வகுப்பில் சேர்த்துவிட்டால் நண்பர்கள் தாமே கிடைப்பார்கள் என்று நம்பும் பெற்றோர் இதைக் கருத வேண்டும்.

அதே ஆய்வின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். விளையாட விரும்புவது கூடியதே தவிர, நெருங்கிய நண்பன் என்று பெயர் சொல்லப்படுவது அந்த அளவுக்குக் கூடவில்லை. குழுவில் சேர்வது ஒரு திறன்; ஒருவனோடு நட்பாவது அடுத்த திறன்.

ஆகவே எங்கள் சிறுவனுக்கு முதல் வாரம் முடிவில் இரண்டாம் பாடம் தொடங்கியது. முதல் வாரத்தில் அடுத்த சந்தில் அவன் நான்கு மாலைகள் முயன்றான். இரண்டில் மறுக்கப்பட்டான், ஒன்றில் கண்டுகொள்ளப்படவில்லை, ஒன்றில் சாக்கடைப் பக்கம் ஃபீல்டிங் கிடைத்தது. மூன்றாம் வாரம் அவனுக்கு மட்டை கைக்கு வந்தது. அந்த ஆட்டத்தில் அவன் பந்தை எடுத்துத் தந்தபோதெல்லாம் ‘தேங்க்ஸ்டா’ என்று சொன்ன ஒரு பையனை அவன் குறிப்பிட்டான். அந்த ஒருவனை மட்டும் ஞாயிறு மாலை கேரம் ஆட வீட்டுக்கு அழைக்கச் சொன்னோம்.

கேரமை நாங்கள் பரிந்துரைத்ததற்குக் காரணம் உண்டு. அதில் முறை மாறி மாறி வரும், பேச்சு இல்லாவிட்டாலும் ஆட்டம் நகரும், இருவர் போதும். வடசென்னைத் தெருக்களில் அது எவருக்கும் புதிதன்று. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக்கோப்பைக் கேரம் போட்டியில் தங்கம் வென்ற காசிமாவும் வடசென்னைப் பெண்தான். வீட்டாருக்கு நாங்கள் சொன்னவை சிலவே: ஒரு மணி நேரம் போதும்; எந்த விளையாட்டு என்பதை வந்த பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும்; கைப்பேசியும் தொலைக்காட்சியும் அணைந்திருக்கட்டும்; தாய் சமையலறையில் காது கொடுத்தபடி இருக்கட்டும், பக்கத்தில் உட்கார வேண்டாம்; சண்டை வரும்போல் இருந்தால் தின்பண்டத்தைக் கொண்டுபோய் வைத்து இடைவெளி உண்டாக்கட்டும். நல்லபடியாக முடியும்போதே முடித்து அனுப்பினால், அடுத்த ஞாயிறும் வரத் தோன்றும். அவன் அடுத்த ஞாயிறும் வந்தான்.

தாய் கேட்ட கேள்வி

இத்தோடு முடிந்திருந்தால் இது எளிய கதை. ஆனால் வயிற்றுவலி பள்ளி நாட்களில் தொடர்ந்தது. காரணம் ஐந்தாம் சந்திப்பில்தான் வெளிவந்தது. வகுப்பில் அவனுக்கு ‘மீன்கூடை’ என்று பெயர் வைத்திருந்தனர். அவன் வந்தால் மூக்கைப் பொத்தினர். அவனுடைய சாப்பாட்டு டப்பாவின் அருகே எவரும் அமர்வதில்லை. அன்று தாய் எங்களிடம் கேட்டார்: “நான் மீன் விக்கறத வுட்டுடட்டுமா, டாக்டர்?”

எங்கள் கருத்தின் மறுபாதி இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. விட வேண்டாம் என்றோம். ஒரு பிள்ளை ஆட்டத்தின் நடுவே ஓடி வந்தால், அது அவன் மாற்றிக்கொள்ளக்கூடிய நடத்தை, அதைக் கற்றுத்தரலாம். தாயின் தொழில், வீட்டின் மணம், தோலின் நிறம், சாதி, திக்குவாய், காலின் குறை ஆகியவை நடத்தைகள் அல்ல. அவற்றுக்காக ஒதுக்கப்படும் பிள்ளைக்குத் திறன்பயிற்சி கொடுப்பது, குற்றத்தை அவன்மேல் போடுவதாகும். அங்கே மாற வேண்டியது வகுப்பறை. மாற்ற வேண்டியவர் ஆசிரியர்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. புதிய குழுவில், அவனை முன்பு அறியாத பிள்ளைகளிடையே, அவனுக்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். அங்கேயும் இரண்டு நிமிடங்களில் வெளியேற்றப்படுகிறான் என்றால் நுழையும் முறையில் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது. அங்கே நன்றாக ஆடுகிறான், ஓரிடத்தில் மட்டும் ஒதுக்கப்படுகிறான் என்றால், அந்த இடத்தில்தான் நோய் இருக்கிறது. எங்கள் சிறுவனுக்குத் தெருவில் முன்னது, பள்ளியில் பின்னது. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பது அரிதன்று.

தாயின் இசைவோடு வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினோம். அதில் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கண்டிக்கும்படி கேட்கவில்லை. எல்லார் முன்னும் ஒரு பிள்ளைக்காகப் பரிந்து பேசினால், கேலி ஆசிரியர் இல்லாத இடத்துக்குப் போய்விடும். நாங்கள் கேட்டவை மூன்று. விளையாட்டு நேரத்தில் இரு தலைவர்கள் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் முறையை விட்டு, ஒன்று இரண்டு என்று எண்ணி அணி பிரிக்க வேண்டும்; கடைசியாக மிஞ்சும் பிள்ளையை அந்த முறைதான் ஒவ்வொரு வாரமும் ஊரறியச் செய்கிறது. மதிய உணவுக்கு வரிசை எண்ணின்படி இடம் ஒதுக்கி, மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வகுப்பு வேலை ஒன்றில் அவனை, கேலியில் சேராத ஒரு பிள்ளையோடு இணைக்க வேண்டும். பட்டப்பெயர் சொல்வது குறித்து எல்லாருக்குமான விதியாக, எவருடைய பெயரையும் சுட்டாமல், ஆசிரியர் தாமே பேசினார்.

1992இல் வெளிவந்த நூலொன்றில், விவியன் பேலி என்னும் அமெரிக்க ஆசிரியை, ‘விளையாட வராதே என்று எவரும் எவரிடமும் சொல்லக் கூடாது’ என்ற விதியைத் தம் மழலையர் வகுப்பில் கொண்டுவந்ததை எழுதியிருக்கிறார். நட்பைச் சட்டம் போட்டு வரவழைக்க முடியாது என்று இதை மறுப்போர் உண்டு. அது உண்மைதான். ஆனால் பள்ளி எவருடைய வீட்டுத் திண்ணையும் அன்று. அங்கே யாருடன் நட்பு கொள்வது என்பது பிள்ளையின் உரிமை. யார் பக்கத்தில் யார் அமர்வது என்பது பள்ளியின் பொறுப்பு. அந்தப் பொறுப்பைப் பள்ளிகள் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் விட்டுவிடக் கூடாது என்று கருதுகிறோம்.

எதிர்பார்க்கக் கூடியதும் கூடாததும்

பயிற்சி தொடங்கி நான்கு மாதங்களுக்குப் பின் சிறுவனின் நிலை இது. அடுத்த சந்தின் ஆட்டத்தில் அவனுக்கு இடம் உண்டு. கேரம் நண்பன் ஞாயிறுதோறும் வருகிறான். பள்ளியில் பட்டப்பெயர் குறைந்திருக்கிறது; முற்றிலும் மறையவில்லை. அவன் முதலில் செங்கற்களை உதைத்த குழு இன்னும் அவனைச் சேர்ப்பதில்லை. ஒருவனைப் பற்றி ஒரு குழு முடிவு செய்துவிட்டால், அவன் மாறிய பின்னும் பழைய கண்ணாலேயே அவனைப் பார்க்கும். அவன் பந்தை எடுத்துத் தந்தாலும் ‘தூக்கிக்கொண்டு ஓடப் போகிறான்’ என்றே எண்ணும். அந்தக் குழுவோடு போராடுவதைவிட வேறு குழுவைத் தேடுவது நலம். வயிற்றுவலிக்காக அவன் பள்ளிக்கு விடுப்பு எடுத்து ஆறு வாரங்களாகின்றன. எல்லாராலும் விரும்பப்படும் பிள்ளையாக அவன் ஆகவில்லை, ஆக வேண்டியதுமில்லை. ஒரு நண்பன் இருக்கும் பிள்ளையும் ஒருவரும் இல்லாத பிள்ளையும் ஒரே நிலையில் இல்லை. அந்த ஒருவனைப் பெறுவதே இலக்கு.

தனியே விளையாடுவதில் மகிழ்ச்சி காணும் பிள்ளைகளும் உண்டு. தனிமை அவர்களை வருத்தவில்லை என்றால் அவர்களைத் துரத்த வேண்டாம். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, மற்றவர் முகத்தைப் பார்த்துப் பேசாத, பேச்சின் மறைபொருள் புரியாத, ஓரிடத்தில் இருக்க முடியாத, அல்லது படிப்பில் திடீரெனப் பின்தங்கும் பிள்ளையாக இருந்தால், முதலில் செவித்திறனையும் பார்வையையும் வளர்ச்சிநிலையையும் பரிசோதிக்க வேண்டும். காது சரியாகக் கேளாத பிள்ளை ஆட்டத்தின் நடுவே ஓடுவது முரட்டுத்தனத்தால் அன்று. ஆட்டிசம் அல்லது கவனக்குறைவு உள்ள பிள்ளைக்கும் இப்படிகள் உதவும். ஆனால் மெதுவாக, சிறிய துண்டுகளாக, பயிற்சியாளரின் துணையோடு நடத்த வேண்டும்.

பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தால், உறக்கமும் உணவும் குறைந்தால், உடலில் காயங்கள் தெரிந்தால், ‘நான் இல்லாமலே போயிருக்கலாம்’ என்பதுபோல் ஒரு சொல் சொன்னாலும், பயிற்சியைத் தள்ளி வைத்துவிட்டு அன்றே அழைத்து வாருங்கள். இரவாயினும் டெலி மானஸ் 14416 என்னும் எண்ணில் மனநல ஆலோசகரிடம் தமிழில் பேசலாம். அடியோ மிரட்டலோ நடக்கிறது என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

சென்ற மாதம் அந்தத் தாய் தம் தொழிலைத் தொடர்ந்தபடியே, கூடையோடு எங்கள் பிரிவின் வாசலில் வந்து நின்றார். மகன் அன்று வரவில்லை. ஆட்டம் இருக்கிறதாம், நடுவில் விட்டு வந்தால் ஒரு பக்கம் ஆள் குறையுமாம். அவனைப் பற்றி நாங்கள் இதுவரை கேட்ட செய்திகளுள் இதுவே நல்ல செய்தி.